கேஜ் முள் மெல்ல இறங்கினால் காற்று என்று விட்டுவிடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய் பதித்திருந்தோம். 200 மி.மீ. டிஐ எனும் டக்டைல் இரும்பு பைப், 500 மீட்டர் நீளம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஊறவைத்தோம். உள்ளே இருக்கும் சிமென்ட் பூச்சு தண்ணீரைக் குடிக்கும், அதற்காகத்தான். அப்புறம் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, டெஸ்ட் பம்பால் சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோ அழுத்தம் ஏற்றி வால்வை மூடினோம். இரண்டு மணி நேரத்தில் முள் 8.4க்கு வந்தது.

"உள்ளே கொஞ்சம் காற்று இருக்கு சார், அதான் இறங்குது" என்றார் ஃபிட்டர். பல சைட்டில் இதைக் கேட்டிருக்கிறேன். சிக்கிய காற்று கசிவை உண்டாக்குவதில்லை, மறைக்கத்தான் செய்யும்.

தண்ணீரை அமுக்குவது கடினம். காற்றே இல்லாத இந்த அளவுக் குழாயில் ஒரு லிட்டர் வெளியேறினாலே அழுத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ விழும். காற்று இருந்தால் அது ஸ்பிரிங் மாதிரி விரிந்து இழப்பை ஈடுகட்டும், முள் கொஞ்சம்தான் அசையும். அதனால் அளவு குறித்த டிரம்மிலிருந்து தண்ணீர் எடுத்து, மறுபடி 9க்கு ஏற்றச் சொன்னேன். முக்கால் லிட்டருக்குள் முடிய வேண்டியது நான்கு லிட்டர் வாங்கியது. அப்படியென்றால் உள்ளே காற்றும் இருக்கிறது, நான்கு லிட்டர் வெளியேயும் போயிருக்கிறது.

வாய்க்காலைத் தாண்டக் குழாய் மேலே ஏறும் மேட்டில் ஏர் வால்வைத் திறந்தோம். 'ஸ்ஸ்' என்று வெகுநேரம் காற்று வந்தது. மறுநாள் மறுபடி ஏற்றினோம். இந்தத் தடவை இரண்டு மணி நேரத்தில் 9லிருந்து ஐந்தரை. கசிவு அதேதான், இப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தாலே இப்படிப்பட்ட குழாயில் சில கிலோ இறங்கிவிடும். ஆனால் அந்த இறக்கம் வெயில் ஏறியதும் திரும்ப ஏறும். இது பகலிலும் இறங்கியது. குழாயும் மண் மூடிக் கிடந்தது, இணைப்புகள் மட்டுமே திறந்திருந்தன.

கசிவு எங்கே என்பதுதான் டெல்டாவில் பெரும்பாடு. களிமண், பக்கத்திலேயே நடவு வயல், தோண்டினால் ஊற்று. இணைப்புக் குழிகளில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது, அதில் கசிவு கலந்தால் யார் கண்டார்கள்? மோட்டார் வைத்து ஒவ்வொரு குழியாக இறைத்து, சாக்கெட்டைத் துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். பதினேழாவது இணைப்பின் அடிப்பக்கத்தில் மட்டும் முத்து முத்தாக நீர் துளிர்த்தது. அழுத்தத்தை இறக்கிக் கழற்றினோம். ரப்பர் கேஸ்கெட்டுக்கு அடியில் விரல் நீள வைக்கோல் துண்டு ஒன்று, களிமண்ணோடு.

இரண்டு மணி நேரத்துக்கு நான்கு லிட்டர்தானே என்றார்கள். இந்த ஊரில் தண்ணீர் காலையும் மாலையும்தான் விடுவார்கள். மற்ற நேரம் குழாயில் அழுத்தம் இருக்காது, வெளியே யூரியா கரைந்த வயல் தண்ணீர் நிற்கும். உள்ளிருந்து வெளியே வந்த அதே வழியாக அது உள்ளே போகும்.

சாக்கெட்டைக் கழுவி, புது கேஸ்கெட் போட்டு, மூன்றாம் முறை ஏற்றினோம். இரண்டு மணி நேரம் கழித்தும் முள் 9லேயே நின்றது. அதன் பிறகுதான் குழிகளை மூடச் சொன்னேன்.