லைசென்ஸ் வேண்டாத பாய்லரா? முதலில் ஸ்டீம் டேபிளைப் பாருங்கள்

திருப்பூரில் அயர்ன் யூனிட் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் போன வருடம் 80 லிட்டர் பாய்லர் ஒன்று வாங்கினான். "வொர்க்கிங் பிரஷர் 0.9 கிலோதான், 1 கிலோவுக்குக் கீழே என்பதால் பதிவு, இன்ஸ்பெக்‌ஷன் எதுவும் வேண்டாம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் துணியில் ஈரத் திட்டு விழுகிறது, மடிப்பு நிற்கவில்லை என்று போன் செய்தான். பிரஷரைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமா என்பதுதான் அவன் கேள்வி. நான் உடனே வேண்டாம் என்றேன். அதற்கான காரணம் பாதி சட்டத்திலும், எந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று சொல்லும் ஸ்டீம் டேபிளில், அதாவது நீராவி அட்டவணையில், பாதியும் இருக்கிறது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் போய், 2025 மே 1 முதல் கொதிகலன் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 2007இல் திருத்தப்பட்ட மூன்று விலக்குகள் புதியதிலும் அப்படியே தொடர்கின்றன. 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு உள்ளவை, 1 கிலோவுக்குக் (சதுர சென்டிமீட்டருக்கு) குறைவான அழுத்தத்தில் ஓடுபவை, தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழேயே சூடாக்குபவை, இந்த மூன்றும் சட்டத்தின் கணக்கில் பாய்லர் இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்.

இரண்டாவது விலக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பாத்திரத்தை வடிவமைத்த அழுத்தமான டிசைன் பிரஷர், அதை ஓட்டும் அழுத்தமான வொர்க்கிங் பிரஷர் இரண்டுமே 1 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அதன் வாசகம். தம்பியின் பாய்லரில் ஒட்டியிருந்த தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். டிசைன் பிரஷர் 5 கிலோ என்று அச்சடித்திருந்தது. அப்படியானால் 0.9இல் ஓட்டினாலும் அதற்கு விலக்குக் கிடையாது, பதிவு செய்தே ஆக வேண்டும். விற்றவர் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதியை நம்பி இவன் பணம் கொடுத்துவிட்டான்.

சரி, 0.9 கிலோவில் ஏன் அயர்ன் சரியாக வரவில்லை? மூடிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை அழுத்தம்தான் முடிவு செய்கிறது. அழுத்தம் கூடக் கூட கொதிநிலையும் ஏறும். அந்தந்த அழுத்தத்துக்கு உரிய கொதிநிலைக்குத்தான் சாச்சுரேஷன் டெம்பரேச்சர், தமிழில் தெவிட்டு வெப்பநிலை, என்று பெயர். தண்ணீரோடு தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டீமும் அதே சூட்டில்தான் இருக்கும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் ஸ்டீம் அதிகமாக வரும், அழுத்தம் ஏறாதவரை சூடு ஏறாது. சின்ன பாய்லருக்குத் தேவையான வரிசைகள் இவ்வளவுதான், இடப்பக்கம் இருப்பது கேஜ் முள் காட்டும் கிலோ:

0 கிலோ: 100 டிகிரி
1 கிலோ: 120 டிகிரி
2 கிலோ: 133 டிகிரி
3 கிலோ: 143 டிகிரி
4 கிலோ: 151 டிகிரி
5 கிலோ: 158 டிகிரி
7 கிலோ: 170 டிகிரி

முதல் ஒரு கிலோவுக்கு 20 டிகிரி ஏறியது, நாலிலிருந்து ஐந்துக்குப் போக 7 டிகிரிதான் கிடைக்கிறது. சூடு போதவில்லை என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், பாத்திரத்தின் மேல் சுமை ஏறும் அளவுக்குச் சூடு கூடுவதில்லை. தம்பியின் 0.9 கிலோவுக்கு வருவது 118 டிகிரியும் கொஞ்சமும்தான். அது நீளமான ஹோஸ் வழியாக அயர்ன் பாக்ஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் அழுத்தமும் விழும், கொஞ்சம் ஸ்டீம் தண்ணீராகவும் மாறும். துணியில் விழுந்த ஈரத் திட்டு அந்தத் தண்ணீர்தான். அவன் பக்கத்து யூனிட்டில் எல்லாம் 3, 4 கிலோவில், அதாவது 143 முதல் 151 டிகிரியில் ஓட்டுகிறார்கள்.

புத்தகத்தில் அச்சான ஸ்டீம் டேபிளை எடுத்தால் ஒரு பொறி இருக்கிறது. அங்கே பெரும்பாலும் அப்சொல்யூட் பிரஷர்தான் போட்டிருப்பார்கள், அதாவது வெற்றிடத்திலிருந்து அளந்த முழு அழுத்தம். நம் கேஜ் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதற்கு மேலே இருப்பதை மட்டும் காட்டுகிறது. ஆகவே முள் காட்டுவதோடு 1.03 கிலோவைக் கூட்டிய பிறகுதான் அட்டவணைக்குள் போக வேண்டும். முள் 3 காட்டினால் பார்க்க வேண்டிய வரிசை 4.03. கூட்டாமல் 3 என்ற வரிசையையே படித்தால் 133 டிகிரி என்று வரும், உண்மையில் இருப்பதோ 143. தலைப்பில் 'அப்சொல்யூட்' என்றோ 'a' என்றோ இருக்கிறதா, அலகு கிலோவா பாரா என்று முதலில் பாருங்கள். 1 பார் என்பது 1.02 கிலோ, எனவே அந்த வித்தியாசம் சின்ன பாய்லரில் பெரிதாக உறுத்தாது. பிஎஸ்ஐ அப்படி இல்லை, 50 பிஎஸ்ஐ என்றால் 3.5 கிலோ.

அட்டவணைக்கு இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. ஸ்டீம் லைனில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் கேஜ் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். முள் 3 காட்டும்போது தெர்மாமீட்டர் 133 காட்டினால், தெர்மாமீட்டர் சரி என்றால், ஒன்று கேஜ் கூடுதலாகக் காட்டுகிறது, இல்லை ஸ்டீமோடு காற்று கலந்திருக்கிறது. நாலில் ஒரு பங்கு காற்று இருந்தாலே இந்த அளவு இறங்கிவிடும், ஏனென்றால் முள் காட்டுவது இரண்டும் சேர்ந்த அழுத்தம், சூட்டை முடிவு செய்வது ஸ்டீமின் பங்கு மட்டும். காலையில் பற்றவைக்கும்போது ஏர் வென்ட்டைத் திறந்து வைத்து, ஸ்டீம் நன்றாகச் சீறி வந்த பிறகு மூடினால் காற்றுப் பிரச்சினை தீரும். ஆனால் முள் 3இல் நிற்க, தெர்மாமீட்டர் 158 காட்டினால் உடனே நெருப்பை நிறுத்துங்கள். கொதிக்கும் தண்ணீருக்கு மேலே நிற்கும் சாதாரண ஸ்டீம் 158 டிகிரியில் இருக்கிறது என்றால் உள்ளே 5 கிலோ இருக்கிறது, கேஜோ அதற்குப் போகும் குழாயோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சேஃப்டி வால்வும் 5 கிலோ வரை திறக்கவில்லை என்பதையும் அதே எண் சொல்லிவிடுகிறது.

ஆகவே பாய்லர் வாங்கும்போது லிட்டரிலிருந்து ஆரம்பிக்காமல் டிகிரியிலிருந்து ஆரம்பியுங்கள். வேலைக்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றால் 1 கிலோ விலக்கு உங்களுக்கு உதவாது. அப்புறம் இரண்டு வழிதான். ஒன்று, தயாரிக்கும்போதே ஆய்வு செய்து சான்று பெற்ற பாய்லரை வாங்கி, மாநிலக் கொதிகலன் துறையில் பதிவு செய்து, அவர்கள் சான்றிதழில் எழுதித் தரும் உச்ச அழுத்தத்துக்குள், சான்றிதழைக் காலாவதியாக விடாமல் ஓட்டுவது. அந்த அழுத்தத்தில் திறக்காதபடி சேஃப்டி வால்வைக் கட்டிவைப்பதும் இறுக்குவதும் குற்றம். மற்றொன்று, 25 லிட்டருக்குக் குறைவான பாய்லர்.

தம்பி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். அதிலும் ஒரு இடத்தில் நிறுத்தினேன். "18 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும்" என்று கடையில் சொன்னார்களாம். சட்டம் கேட்பது தண்ணீர் மட்டத்தை அல்ல, தண்ணீர் உள்ளே வரும் ஃபீட் செக் வால்விலிருந்து ஸ்டீம் வெளியே போகும் மெயின் ஸ்டீம் வால்வு வரை உள்ள மொத்த இடத்தை, ஸ்டீம் நிற்கும் மேல்பகுதியும் அதில் சேரும். குளிர்ந்த பாய்லரை வெறுமையாக்கி, காற்று முழுக்க வெளியேறும்படி வால்வு வரை தண்ணீர் நிரப்பி, லிட்டர் மக்கால் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். முதலில் காட்டியது 31 லிட்டர் வந்தது, அதை விட்டுவிட்டான். அடுத்ததில் 24 வந்தது. இப்போது 3.5 கிலோவில், 147 டிகிரியில் ஓட்டுகிறான். சட்ட விலக்கு இருந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்டீமின் சூடு பெரிய பாய்லரில் இருப்பதேதான் என்பதால் மேலே ஒரு தெர்மாமீட்டரும், அதன் பக்கத்தில் சுவரில் இந்த ஏழு வரி அட்டவணையும் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.