சொல்லை மாற்றப் போய்க் கேள்வியே மாறிவிடுகிறது

கிளிநொச்சியில் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்க வருகிற பிள்ளைகளின் கைப்பேசியில் ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும். இடப்பக்கம் நாங்கள் அன்றாடம் பாவிக்கிற ஆங்கிலச் சொற்கள், வலப்பக்கம் அவற்றுக்கு ‘பான்ட் 9’ சொற்கள், அதாவது ஆகக்கூடிய புள்ளியைத் தரும் என்று சொல்லப்படுகிற சொற்கள். முள்ளியவளையிலிருந்து வருகிறவரிடமும் பரந்தனிலிருந்து வருகிறவரிடமும் அதே பட்டியல்தான், வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்தது. வினாவை அப்படியே பார்த்தெழுதினால் புள்ளி கிடைக்காது, சொற்களை மாற்றி எழுதினால் புள்ளி ஏறும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதில் முதற்பாதி சரி. வினாத்தாளில் இருந்து தூக்கி வைத்த வரிகளைப் பரீட்சகர் உங்கள் ஆங்கிலமாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரண்டாம் பாதியை நம்பித்தான் பிள்ளைகள் புள்ளியை இழக்கிறார்கள்.

எழுத்துப் பரீட்சையின் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்வோம். 40 நிமிடம், குறைந்தது 250 சொல். முதற்பகுதியைவிட இதற்கு இரண்டு மடங்கு பெறுமதி. புள்ளி நான்கு அளவுகோல்களில் சமமாகப் பிரியும்: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, எழுத்து ஒழுங்காகத் தொடர்ந்து போகிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. வினாவைத் திருப்பி எழுதும் முதல் இரண்டு வசனங்கள் சொல்வளத்தை மட்டும்தான் தொடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் அவை நான்கையும் தொடும். அதிகமாக அடிபடுவது முதலாவதுதான்.

வகுப்பில் நான் கொடுக்கிற ஒரு வினா இது. எங்கள் ஊர்க் கதைதான் என்பதால் யாருக்கும் விளங்கும்.

“இன் மெனி கன்ட்ரீஸ், யங் பீப்பிள் ஆர் லீவிங் ரூரல் ஏரியாஸ் டு வேர்க் இன் சிட்டீஸ். டூ தி அட்வான்டேஜஸ் அவுட்வெய் தி டிஸ்அட்வான்டேஜஸ்?”

பல நாடுகளில் இளம் ஆட்கள் வேலைக்காகக் கிராமப்புறத்தை விட்டு நகரங்களுக்குப் போகிறார்கள். இதில் நன்மை தீமையை மிஞ்சுகிறதா என்பது கேள்வி. பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்:

“இன் நியூமரஸ் நேஷன்ஸ், ஜூவனைல்ஸ் ஆர் அபான்டனிங் பாஸ்ரரல் ரெரிற்றரீஸ் டு லேபர் இன் மெற்றோபொலிசஸ். திஸ் எஸே வில் டிஸ்கஸ் தி அட்வான்டேஜஸ் அன்ட் டிஸ்அட்வான்டேஜஸ்.”

வசனத்தின் எலும்புக்கூடு மாறவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் இருந்த இடத்திலேயே இன்னொரு சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வந்து உட்கார்ந்தவற்றைப் பாருங்கள். ‘ஜூவனைல்’ நீதிமன்றத்திலும் பொலிஸிலும் புழங்குகிற சொல். அதைக் கேட்டவுடன் குற்றம் செய்த சிறுவர்தான் ஞாபகத்துக்கு வருவர். 25 வயதில் கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர் ஜூவனைல் இல்லை. ‘அபான்டன்’ என்றால் கைவிட்டுப் போவது. மாதாமாதம் வீட்டுக்குக் காசு அனுப்புகிற பிள்ளை ஊரைக் கைவிடவில்லை. ‘பாஸ்ரரல்’ மாடும் ஆடும் மேய்கிற நிலத்தைக் குறிக்கும். ‘லேபர்’ உடலை வருத்திச் செய்கிற கூலிவேலையை நினைவூட்டும். வங்கியில் வேலை செய்கிறவருக்குப் பொருந்தாது. ‘மெற்றோபொலிஸ்’ மாநகரம் மட்டும், வவுனியா அதற்குள் வராது. இத்தனையையும் சேர்த்து வாசிக்கும் ஒரு வெள்ளைக்காரருக்கு, குற்றவாளிச் சிறுவர்கள் மேய்ச்சல் நிலங்களைக் கைவிட்டு மாநகரங்களில் கூலிக்குப் போகிறார்கள் என்று ஒரு படம் கிடைக்கும். அவர் சிரித்தாலும் புள்ளி குறையத்தான் செய்யும். சொல்வளத்துக்கான அளவுகோலில் மேல் பான்டுகள் கேட்பது அரிய சொல்லை மட்டும் இல்லை. சொல் துல்லியமாக விழுகிறதா, பக்கத்துச் சொல்லோடு சேர்ந்து போகிறதா என்பதையும்தான்.

ஆனாலும் இவையெல்லாம் சின்னப் பிழைகள். பெரிய பிழை, யாரும் கவனிக்காத இரண்டாவது வசனத்தில் இருக்கிறது. வினா கேட்டது எது மிஞ்சுகிறது என்று. பிள்ளை எழுதியது இரண்டையும் பேசுவேன் என்று. பிறகு முழுக் கட்டுரையும் அந்த வசனத்தின் வழியிலேயே போகும்: ஒரு பந்தி நன்மை, ஒரு பந்தி தீமை, கடைசியில் ‘இரண்டும் உண்டு’. தராசைக் கையில் கொடுத்து எந்தத் தட்டு கனம் என்று கேட்டால், தட்டில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது மாதிரி. ஆங்கிலம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா என்ற அளவுகோல் அங்கேயே நின்றுவிடும்.

அப்போ எப்படித்தான் மாற்றுவது? நான் பிள்ளைகளைச் செய்யச் சொல்வது, முதலில் வினாத்தாளைக் கவிழ்த்து வைப்பது. பிறகு, பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்குச் சொல்வது போலத் தமிழில் அந்த விசயத்தைச் சொல்ல வேண்டும். ‘வேலை தேடி இளம் பிள்ளைகள் கிராமத்தை விட்டு டவுனுக்குப் போகினம், பல நாட்டிலயும் இதுதான் நடக்குது. இது நல்லதுக்கோ கெட்டதுக்கோ எண்டு கேக்கினம்.’ சொல்லி முடித்ததும் தாளைத் திருப்பி, எதையாவது கூட்டினோமா குறைத்தோமா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக அளவுச் சொற்களை. ‘மெனி’ ‘ஆல்’ ஆகக்கூடாது. ‘யங் பீப்பிள்’ வெறும் ‘பீப்பிள்’ ஆகக்கூடாது. ‘டு வேர்க்’ காணாமற்போனால் படிக்கப் போகிறவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். அங்கேயும் முதலில் மாற்ற வேண்டியது வசனத்தின் எழுவாய். மூலவினா இளம் ஆட்களில் தொடங்குகிறது. நீங்கள் இடத்தில் தொடங்குங்கள்.

“மெனி பார்ட்ஸ் ஒஃப் தி வேர்ல்ட் ஆர் சீயிங் தெயர் யங் பீப்பிள் மூவ் ஃப்ரொம் வில்லேஜஸ் டு சிட்டீஸ் ஃபோர் வேர்க். ஆல்தோ வில்லேஜஸ் லூஸ் வேர்க்கர்ஸ், ஐ திங்க் தி பெனிஃபிட்ஸ் ஆர் கிரேட்டர்.”

இதில் பட்டியல் சொல் ஒன்றுகூட இல்லை. ‘யங் பீப்பிள்’, ‘சிட்டீஸ்’, ‘வேர்க்’ மூன்றும் வினாவில் இருந்தபடியே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இது பயமாக இருக்கும், பார்த்தெழுதியதாகிவிடுமோ என்று. ஆகாது. தனிச் சொற்களை எல்லாரும்தான் திரும்பப் பாவிக்கிறார்கள். இளம் ஆட்களை ஆங்கிலத்தில் வேறு எப்படிச் சொல்வது? கணக்கில் எடுக்காமல் விடுவது வரிவரியாகத் தூக்கி வைப்பதைத்தான். இரண்டாவது வசனத்தில் ‘அவுட்வெய்’ என்ற சொல் இல்லை, ஆனால் அது கேட்ட தீர்ப்பு இருக்கிறது. எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்பதும் ‘ஆல்தோ’வோடு வந்துவிட்டது. இனி எழுதப்போகும் பந்திகள் வழி தவற இடமில்லை. இந்த இரண்டு வசனத்துக்கு நான்கைந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். முன்னுரையைச் செதுக்கிக்கொண்டே பத்து நிமிடம் போக்கியவர்களின் கடைசிப் பந்தி பாதியில் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அக்கடமிக் பிரிவில் வரைபடத்தை விவரிக்கிற முதற்பகுதிக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். தலைப்பை மாற்றி எழுதும்போது ‘பெர்சன்டேஜ்’ என்பதை ‘நம்பர்’ ஆக்கிவிடாதீர்கள். நூற்றுக்கு இத்தனை பேர் என்பதும் இத்தனை பேர் என்பதும் ஒன்றில்லை. அங்கே பிழைத்தால் கீழே எழுதுகிற ஒவ்வொரு தரவும் பிழை.

பேச்சுப் பரீட்சைக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், வேறு சொற்களில் சொல்லும் திறமை என்பது வெளிப்படையாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருப்பது பேச்சுப் பரீட்சையின் சொல்வள அளவுகோலில்தான். பான்ட் 4இல் இருப்பவர் அதை அரிதாகவே முயல்வார். 5இல் முயல்வார், எப்போதும் சரிவராது. 6இல் பொதுவாகச் சரிவரும். 7இல் அதைப் பயன்தரும்படி பாவிப்பார். ஆனால் இங்கே மாற்ற வேண்டியது பரீட்சகரின் கேள்வியை இல்லை. அவர் கேட்டதை ஒவ்வொரு தடவையும் அலங்காரமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மனப்பாடம் என்று உடனே தெரிந்துவிடும். இங்கே தேவை, சொல் வாயில் வராத இடத்தில் சுற்றிப் போகிற வழி.

இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு இடத்தைப் பற்றிப் பேசச் சொன்னேன். தம்பி ஒருவர் இரணைமடுவை எடுத்தார். கனகராயன் ஆறு, வயல், மீன் பிடிக்கிறவர்கள் என்று நன்றாகப் போனது. மாரியில் வான் கதவு திறப்பதைச் சொல்ல வந்து அப்படியே நின்றுவிட்டார்.

“மிஸ், வான் கதவுக்கு இங்கிலீஷ் வரேல்லை.”

“சரி தம்பி, அது என்ன மாதிரிச் சாமான்? என்னத்துக்கு?”

“பெரிய இரும்புக் கதவு. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணியை விடுறதுக்கு.”

“அதையே இங்கிலீஷில சொல்லும்.”

“தி பிக் மெட்டல் கேட்ஸ் தட் லெட் தி எக்ஸ்ட்ரா வோட்டர் அவுட் வென் தி டாங்க் இஸ் ஃபுல்.”

அளவுகோல் கேட்பது இதைத்தான். என்ன வகைப் பொருள், எதற்குப் பாவிப்பது, எப்போது பாவிப்பது: இந்த மூன்றையும் சொன்னால் அநேகமாக எந்தச் சொல்லையும் சுற்றிப் போய்விடலாம். ‘ஸ்பில் கேட்ஸ்’ என்ற சரியான சொல் தெரியாததால் அவர் இழந்தது ஒன்றுமில்லை. வாய் மூடி நின்றிருந்தால் சொல்வளத்தோடு சரளமும் போயிருக்கும். ஒன்று மட்டும் திருத்தினேன். குளத்தை ‘டாங்க்’ என்பது இலங்கை ஆங்கிலம். பரீட்சகர் வெளிநாட்டவராக இருந்தால் கூரைக்கு மேல் வைக்கிற தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்வார். முதல் தடவை சொல்லும்போதே ‘எ லார்ஜ் ரிசர்வொயர் ஃபோர் பாடி ஃபீல்ட்ஸ்’ என்று சேர்த்துவிட்டால் போதும்.

மூன்றாம் பகுதியில் கேள்வி விளங்காவிட்டால், விளங்கிய அளவை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லி, இதைத்தானே கேட்கிறீர்கள் என்று கேட்கலாம். அங்கே அது அலங்காரம் இல்லை, வேலைக்கு உதவுகிறது.

வீட்டில் பழக இரண்டு பேர் போதும். ஒருவர் ஒரு வினாவை எடுத்து முன்னுரையின் இரண்டு வசனத்தை மட்டும் எழுதி மற்றவரிடம் கொடுக்க வேண்டும். வினாவைக் காட்டக்கூடாது. வாசித்தவர், என்ன வினா கேட்டிருப்பார்கள் என்று தமிழில் சொல்ல வேண்டும். யார், எங்கே, எதற்காக, என்ன கேட்கிறார்கள் என்ற நான்கும் வந்தால் வசனம் சரி. பிழைக்கிற இடம் பெரும்பாலும் நான்காவதுதான். ‘நன்மை தீமை எழுதச் சொல்லி இருப்பினம்’ என்று அவர் சொன்னால், முதல் வசனத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் திரும்ப எழுதுங்கள்.