பகலில் புரொஜெக்டர்: முதலில் சுவரை அளந்து பாருங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு விவசாயிகள் குழுவின் மாடிக்கூடத்தில் மஞ்சள் சாகுபடிப் பயிற்சி. காலை பத்தரை மணி. இலைப்புள்ளி நோயின் படத்தைப் போட்டேன். கிழக்கே மூன்று ஜன்னல், எதிரே வெள்ளையடித்த மேற்குச் சுவர், அதன் மேல் படம். முன்வரிசையில் இருந்த பெரியவர் கண்களைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வெறும் சுவர்தானுங்க தெரிகிறது" என்றார். அட்டைப்பெட்டியில் 9000 லூமன் என்று அச்சிட்டிருந்த புரொஜெக்டர் அது. வாங்கி வந்தவன் நான்தான்.

தவறு எங்கே என்று பார்க்க, கறுப்பிலிருந்து தொடங்க வேண்டும். புரொஜெக்டரால் வெள்ளையைப் பாய்ச்ச முடியும், சிவப்பைப் பாய்ச்ச முடியும். கறுப்பைப் பாய்ச்ச முடியாது. கறுப்பு எழுத்து இருக்கும் இடத்தில் அது ஒளி அனுப்பாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் நமக்குத் தெரிவது சுவரின் சொந்த நிறம். ஜன்னல் வெளிச்சம் சுவரில் எவ்வளவு விழுகிறதோ, அதுதான் அந்தப் படத்தின் கறுப்பு. அதற்கு மேல் புரொஜெக்டர் எத்தனை மடங்கு ஒளி சேர்க்கிறது என்பதில்தான் படம் தெரிவதும் தெரியாததும் இருக்கிறது.

லூமன் என்பது கருவியிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. அது சுவரில் பரவிய பிறகு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது லக்ஸ். தோட்டத்து மோட்டார் இறைக்கும் மொத்தத் தண்ணீர் லூமன் என்றால், ஒரு பாத்திக்குக் கிடைக்கும் பங்கு லக்ஸ். பாத்தி பெரிதானால் தண்ணீர் மெலியும்.

எங்கள் படம் 2 மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் உயரம், பரப்பு 2.5 சதுர மீட்டர். கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். ஒளி உணரி பெரும்பாலும் முன்பக்கக் கேமராவுக்கு அருகில் இருக்கும். ஆகவே கைபேசியின் முதுகைச் சுவரில் ஒட்டி, திரை கூடத்தைப் பார்க்கும்படி பிடித்தேன். இப்படி அளப்பது துல்லியமாக இராது. ஆனால் நூறா முந்நூறா என்று பிரித்தறியப் போதும். பயிற்சி நடக்கும் அதே நேரத்தில் அளக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். புரொஜெக்டரை அணைத்துவிட்டுப் பத்தரை மணிக்கு அளந்தபோது மேற்குச் சுவரில் 300 லக்ஸ்.

அன்று இரவு விளக்குகளை அணைத்து, வெற்று வெள்ளைத் திரையைப் போட்டு, படத்தை ஒன்பது கட்டங்களாக மனத்தில் பிரித்து ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்தேன். அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சியின் பெயரால் வழங்கும் ஆன்சி லூமனைக் கணக்கிடும் முறையும் இதுதான்: ஒன்பது இடங்களின் சராசரியைப் பரப்பால் பெருக்க வேண்டும். சராசரி 80 லக்ஸ் வந்தது. 80ஐ 2.5ஆல் பெருக்கினால் 200 லூமன். பெட்டியில் இருந்த 9000 எந்த அளவுகோலில் வந்ததோ, சுவருக்கு வந்து சேர்ந்தது 200தான். ஆன்சி லூமன் என்றோ, புரொஜெக்டருக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 21118 என்றோ குறிப்பிடாமல் வெறும் லூமன் என்று எழுதியிருக்கும் எண்ணை நான் இப்போது படிப்பதே இல்லை.

காலையில் நடந்தது இனி விளங்கும். சுவரின் கறுப்பு 300. வெள்ளை 300ம் 80ம் சேர்ந்து 380. வெள்ளை கறுப்பைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குதான். புரொஜெக்டர்களை அரங்குகளில் பொருத்துவோர் பின்பற்றும் அமெரிக்கத் தர அளவு ஒன்று உண்டு. சும்மா பார்த்துப் போக ஏழு மடங்கு, எழுத்தையும் படத்தையும் பார்த்து முடிவெடுக்கப் பதினைந்து மடங்கு என்பது அதன் கணக்கு. நோய்ப் புள்ளியை அடையாளம் காண வந்தவர்களுக்குப் பதினைந்து மடங்கை ஒட்டியாவது வேண்டும்.

சரி, 4000 ஆன்சி லூமன் கருவி வாங்கினால்? முழு 4000 கிடைப்பது பச்சை பூசியது போன்ற மிகப் பிரகாச நிலையில்தான். நிறம் சரியாக இருக்கும் நிலைக்கு மாற்றி, விளக்கு பழசாவதற்கும் கொஞ்சம் கழித்து 3000 என்று வைத்துக்கொள்வோம். 2.5ஆல் வகுத்தால் 1200 லக்ஸ். 300 லக்ஸ் சுவரில் வெள்ளை 1500, ஐந்து மடங்கு. இன்னும் போதவில்லை. அதே சுவரில் பதினைந்து மடங்கு வேண்டுமானால் சுவரில் சேரும் ஒளியே 10,500 லூமன் இருக்க வேண்டும். அது கல்யாண மண்டபத்துக்கு வாங்கும் கருவி, விலையும் அப்படி.

ஆகவே அதைவிடப் பெரிய கருவியைத் தேடுவதை விட்டுச் சுவரை மாற்றினேன். ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த மேற்குச் சுவரைக் கைவிட்டு, தெற்குச் சுவருக்குப் படத்தைக் கொண்டுபோனேன். அங்கே ஜன்னல் ஒளி பக்கவாட்டில்தான் வருகிறது. அந்தச் சுவரை ஒட்டிய ஒரு ஜன்னலுக்கு மட்டும் சென்னிமலையில் நெய்த கெட்டிப் போர்வை. மற்ற இரண்டும் திறந்தே இருந்தன. குறிப்பெடுக்க வெளிச்சம் வேண்டுமே. அளந்தால் 100 லக்ஸ். இப்போது 3000 லூமனுக்கு வெள்ளை 1300, கறுப்பு 100, பதின்மூன்று மடங்கு. லூமனை மும்மடங்காக்கி வாங்க வேண்டியதை ஒரு போர்வை செய்துவிட்டது.

இனி த்ரோ ரேஷியோ. கருவிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. நாங்கள் பார்த்த கருவிக்கு 1.5 முதல் 1.8. அகலம் 2 மீட்டர் என்பதால் 3 மீட்டரிலிருந்து 3.6 மீட்டருக்குள் எங்காவது அது தொங்க வேண்டும். கடைக்காரர், "ஷார்ட் த்ரோ எடுங்க, பகலில் பளிச்சென்று இருக்கும்" என்றார். ஷார்ட் த்ரோ என்பது சுவருக்கு மிக அருகிலிருந்தே பெரிய படம் காட்டும் கருவி. அருகிலிருந்து அடித்தால் ஒளி அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். படத்தின் அளவு மாறாத வரை அது சரியில்லை. 3000 லூமன் ஒரு மீட்டரிலிருந்து வந்தாலும் மூன்று மீட்டரிலிருந்து வந்தாலும் அதே 2.5 சதுர மீட்டரில்தான் விழுகிறது, லக்ஸ் ஒன்றுதான். ஷார்ட் த்ரோவின் உண்மையான பயன், பேசுபவரின் நிழல் படத்தில் விழாது என்பதுதான்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. த்ரோ ரேஷியோ 0.5 உள்ள ஷார்ட் த்ரோ கருவி ஒரு சென்டிமீட்டர் முன்பின் நகர்ந்தால் படம் இரண்டு சென்டிமீட்டர் அகலம் மாறும். ஒளி சாய்வாக விழுவதால் சுவரின் மேடுபள்ளம் எல்லாம் படத்தில் நெளியும். எங்கள் தெற்குச் சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு; உள்ளங்கையால் தடவினாலே அலை தெரியும். அதனால் சாதாரணக் கருவியே போதும் என்று முடிவு செய்தேன்.

ஜூம் லென்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தூரக் கோடியில், அதாவது 1.8 பக்கம் வைத்தால், பல லென்ஸ்கள் கணிசமான ஒளியை விழுங்கிவிடும். 3.6 மீட்டரில் மாட்ட வசதியான கொக்கி ஏற்கெனவே இருந்தும், 3.1 மீட்டரில் புதிதாகத் துளையிட்டோம். அதேபோல் கருவியைக் கோணலாக மாட்டிவிட்டுக் கீஸ்டோன் பொத்தானால் நிமிர்த்தக் கூடாது. அது படத்தைச் சுருக்கி நேராக்குகிறது. சுருங்கிய ஓரங்களின் ஒளி வீண்.

கடைசியாகத் தடுத்தது மின்விசிறி. சுவருக்கும் கருவிக்கும் நடுவே ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கூரையோடு ஒட்டி மாட்டினால் இறக்கைகள் ஒளியை வெட்டி, படம் முழுக்கச் சிமிட்டும். இறக்கை மட்டத்துக்குக் கீழே வரும்படி நீளக் குழாயில் இறக்கினோம். படம் பத்தரை மணி வெயிலிலும் நின்றது. இலைப்புள்ளியின் சாம்பல் நடுவும் அதைச் சுற்றிய மஞ்சள் வளையமும் கடைசி வரிசை வரை தெரிந்தன. ஆனால் விசிறி வேகம் மூன்றுக்கு மேல் போனால் குழாய் ஆடுகிறது, இலையும் காற்றில் அசைவதுபோல் அசைகிறது. குழாய்க்கு இரண்டு பக்கமும் முட்டுக் கம்பி கட்டச் சொல்லியிருக்கிறேன். கட்டும் வரை வேகம் இரண்டுதான்.