கொட்டாங்குச்சி மக்கும், ஆனால் பச்சைத் தொட்டியில் போடாதீர்கள்

சமையற்கட்டுக் கழிவிலிருந்து உரம் தயாரிக்கும் ஒரு மையத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றுகிறேன். சென்ற வாரம் எங்கள் அரவை இயந்திரம் மறுபடியும் நின்றுபோனது. மூடியைத் திறந்தால், இரண்டு கத்திகளுக்கு நடுவே ஒரு கொட்டாங்குச்சி இறுகிக் கிடந்தது. அதனோடு வந்த தேங்காய் நார் இயந்திரத் தண்டைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. நாரை அறுத்தெடுத்து, முனை உடைந்த கத்தியைக் கழற்றி மாற்றுவதற்குள் பிற்பகலாகிவிட்டது. காய்கறித் தோலோடு சேர்த்து முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில் அது வந்திருந்ததால், பிரித்தெடுக்கும் பெண்களின் கண்ணுக்கும் தப்பியிருக்கிறது.

"தேங்காய் மரத்தில் காய்ப்பதுதானே, மக்காதா?" என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். மக்கும், ஆனால் எத்தனை காலத்தில் என்பதுதான் கேள்வி. எங்கள் தொட்டியில் காய்கறித் தோலும் மீந்த சோறும் ஏறத்தாழ 45 நாளில் உரமாகிவிடும். கொட்டாங்குச்சியோ மரக்கட்டையைப் போன்றது; அந்த 45 நாள் முடிந்து கிளறிப் பார்த்தால், போட்டது போட்டபடியே கிடக்கும். ஆகவே பச்சைத் தொட்டிக்குரியது எது என்பதை, என்றாவது மக்குமா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்; சில வாரங்களில் மக்குமா என்று பாருங்கள். கொட்டாங்குச்சியையும் இளநீர்க் கூட்டையும் தனிச் சாக்கில் சேர்த்துவைத்து, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். கொட்டாங்குச்சி அடுப்பெரிக்கவும் கரி சுடவும் பயன்படும்.

முட்டை ஓட்டில் குழப்பமே வேண்டாம், பச்சைத் தொட்டிதான். அது சுண்ணாம்புச் சத்து என்பதால் அழுகாது; ஆனால் கையால் நொறுக்கிப் போட்டால் உரத்தோடு கலந்துவிடும்.

கோழி எலும்பும் மீன் முள்ளும்கூடப் பச்சைத் தொட்டிக்கே உரியவை. ஆட்டின் நல்லி எலும்பு எங்கள் சல்லடையில் நின்றுவிடும், அதை நாங்கள் மறுபடியும் தொட்டியில் இட்டுக்கொள்வோம். நீங்கள் பழைய செய்தித்தாளில் சுற்றித் தாருங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். மாடியில் மண்பானை வைத்து உரம் போடுபவர்கள் மட்டும் எலும்பை அதில் சேர்க்கவே கூடாது. அந்தச் சிறு பானையில் போதிய சூடு ஏறாது. வாடைக்கு எலியும் நாயும் வந்துவிடும்.

தேயிலைப் பை விஷயத்தில்தான் நன்றாகப் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். உரம் சலிக்கும்போது, உள்ளிருந்த தூள் முழுவதும் மண்ணாகியிருக்க, வெறும் பை மட்டும் வலைத்துணிபோலச் சல்லடையில் தங்கும். பார்வைக்குக் காகிதமாகத் தெரியும் பல பைகளில், ஓரத்தைச் சூட்டில் ஒட்டவைப்பதற்காகப் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது. முக்கோண வடிவில் பளபளப்பாக வருபவை பெரும்பாலும் முழுக்கவே பிளாஸ்டிக் வகை. நனைந்த பையை இரு விரலால் இழுத்துப் பாருங்கள்: கிழியாமல் நீண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. கிழிந்தாலும் இல்லையென்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே எந்தப் பையானாலும் வெட்டித் தூளை மட்டும் பச்சைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பையையும் நூலையும் பின்னையும் உலர் குப்பையில் போட்டுவிடுங்கள். அந்தப் பின், ஈரக் குப்பையைக் கையால் பிரிப்பவர்களின் விரலில் ஏறுகிறது.