நான்கு மூட்டை, மூன்று பூஜ்யம்

ஈரோட்டில் மாலை நேரங்களில் பைத்தான் சொல்லித் தருகிறேன். என்னிடம் படிக்கும் தம்பி ஒருவரின் அப்பா மஞ்சள் மண்டியில் எடைக் கணக்கு எழுதுபவர். எடை போடாத மூட்டைக்குப் பூஜ்யம் எழுதிவைப்பது அவர் வழக்கம். அந்தப் பூஜ்யங்களை நீக்க மகன் எழுதியது இது:

```python
edai = [52, 0, 61, 0]
for x in edai:
    if x == 0:
        edai.remove(x)
print(edai)
```

`[52, 61]` என்று சரியாகவே வந்தது. மறுநாள் பட்டியலில் இரண்டு பூஜ்யம் அடுத்தடுத்து வந்தபோது ஒன்று தங்கிவிட்டது. சாட்பாட்டிடம் கொடுத்தார். அது ஒரே வரியில் மாற்று எழுதித் தந்தது:

```python
edai = [x for x in edai if x != 0]
```

வேலை முடிந்தது. ஆனால் பழையது ஏன் தவறியது என்று கேட்டேன். "தெரியவில்லை சார், இது ஓடுகிறதே" என்றார். எனக்குக் கோபம் வரும் பதில் அது.

"திருத்தித் தர வேண்டாம், காரணத்தை மட்டும் விளக்கு" என்று சாட்பாட்டிடம் மறுபடி கேட்கச் சொன்னேன். விளக்கம் வந்தது: ஒன்றை நீக்கியதும் பின்னால் உள்ளவை ஓரிடம் முன்னே நகர்கின்றன, லூப் அடுத்த இடத்துக்குத் தாவுகிறது, நடுவில் ஒன்று பார்க்கப்படாமல் போகிறது. இதுவரை சரி. கூடவே, `remove` அந்த நேரத்தில் லூப் நிற்கும் இடத்தில் உள்ளதை நீக்கும் என்றும் ஒரு வாக்கியம் இருந்தது. இரண்டையும் ஒரே நம்பிக்கையோடுதான் சொல்லியிருந்தது.

தம்பி தலையாட்டினார். தலையாட்டலை நான் கணக்கில் எடுப்பதில்லை. `[0, 0, 52, 0]` என்று எழுதி, கணினியில் ஓட்டுவதற்கு முன் விடையைத் தாளில் எழுதச் சொன்னேன். விளக்கத்தை நம்பிப் படிப்படியாகப் போனார். முதல் இடத்தில் பூஜ்யம், நீக்கினால் `[0, 52, 0]`. இரண்டாம் இடத்தில் 52, விட்டுவிடலாம். மூன்றாம் இடத்தில் பூஜ்யம், நீக்கினால் `[0, 52]`. ஓட்டிப் பார்த்தால் திரையில் `[52, 0]`.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லூப்புக்குள் ஒரு `print(edai)` போட்டு ஒவ்வொரு சுற்றையும் பார்த்தார். மூன்றாம் இடத்துப் பூஜ்யத்தைக் கண்டபோது போனது முதலிடத்துப் பூஜ்யம். `remove` இடத்தைப் பார்ப்பதில்லை. கொடுத்த மதிப்பை முன்னாலிருந்து தேடி, முதலில் அகப்படுவதை நீக்குகிறது. விளக்கத்தில் பாதி தவறு என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருடைய பழைய பட்டியல்களை வைத்து எத்தனை முறை ஓட்டியிருந்தாலும் இது வெளிப்பட்டிருக்காது. நீக்க வேண்டிய பூஜ்யத்துக்கு முன்னால், தாண்டிப்போன பூஜ்யம் ஒன்று கிடந்தால்தான் விடை மாறும்.

கிளம்பும் முன் இன்னொன்று கேட்டேன்: லூப்பின் முதல் வரியை `for x in edai[:]:` என்று மாற்றினால் என்ன வரும்? "லூப் நகலின் மேல் ஓடும், நீக்குவது அசலில் நடக்கும், எதுவும் தாண்டிப்போகாது" என்றபடி தாளில் `[52]` என்று எழுதினார். அதன் பிறகுதான் விசைப்பலகையைத் தொட்டார்.