காந்தி அபார்தைட்டை எதிர்த்தாரா? காலவரிசைப் பிழைகளும் அவற்றைப் பிடிக்கும் கேள்விகளும்

இந்தப் பருவத் தேர்வின் விடைத்தாள்களிலும் அந்த வாக்கியம் வந்துவிட்டது: "காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் அபார்தைட் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றார்." எழுதியவர்கள் மந்தமான மாணவர்கள் அல்லர். 1893, 1913, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளையும் அதே தாளின் முதல் பகுதியில் பிழையின்றி எழுதியவர்கள்தான், கட்டுரைப் பகுதியில் இப்படி எழுதுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டுப் பெற்றோரும் சக ஆசிரியர்கள் சிலரும் சொல்லும் பரிகாரம் எப்போதும் ஒன்றுதான்: "ஆண்டுகளை இன்னும் நன்றாக மனப்பாடம் செய்ய வையுங்கள்." டர்பனில் வரலாறு கற்பிக்கும் நான் இந்தப் பரிகாரத்தைக் கேட்டுச் சலித்துவிட்டேன். ஆண்டு தெரியாததால் வந்த பிழை அன்று இது. ஆண்டுகள் தனித்தனி எண்களாகவே நினைவில் நிற்கின்றன. எது முன், எது பின், எவை ஒரே காலத்தில் நடந்தன, இடையில் எவ்வளவு காலம் ஓடியது என்ற உறவு மட்டும் உருவாகவில்லை. "இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை முதலில் ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் எந்த ஆண்டு டர்பனுக்கு வந்தது?" என்ற கேள்விக்கு 1860 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவரின் பிழையை அந்தக் கேள்வியே மூடி மறைத்துவிடுகிறது.

முதலில் அந்த அபார்தைட் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது அதுதான். காந்தி 1893இல் இங்கு வந்தார். 1914 ஜூலையில் இங்கிருந்து புறப்பட்டார். அபார்தைட் என்பது தேசியக் கட்சி 1948 மே 26 அன்று நடந்த தேர்தலில் வென்ற பிறகு சட்டங்களாக வடிவெடுத்த இனப் பிரிவினைக் கொள்கை. மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டமும் 1950இல் வந்தன. காந்தி கொல்லப்பட்டது 1948 ஜனவரி 30. ஆகவே அந்தக் கட்சி ஆட்சிக்கு வருவதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்பே, வேறொரு கண்டத்தில், அவர் இறந்துவிட்டார். இங்கே அவர் எதிர்த்தவை வேறு அரசுகளின் சட்டங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் அவர் ரயிலிலிருந்து இறக்கப்பட்டபோது நேட்டால் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்தது. 1906இல் ஆசியர் பதிவுச் சட்டத்துக்கு எதிராக அவர் போராடத் தொடங்கியபோது, அதைக் கொண்டுவந்த டிரான்ஸ்வாலும் பிரிட்டிஷ் முடியின் கீழ்தான் இருந்தது. தென்னாப்பிரிக்க ஒன்றியம் என்ற ஒரே நாடு 1910 மே 31 அன்றுதான் பிறந்தது.

இதைச் சொன்னவுடன் வகுப்பில் ஒரு கை உயரும்: "ஆனால் சார், பாகுபாடு அப்போதே இருந்ததல்லவா?" இருந்தது, நேட்டாலில் இந்தியரின் வாக்குரிமை 1896இலேயே பறிக்கப்பட்டது. அதனால்தான் இந்தப் பிழை இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது. கொடுமை ஒரே மாதிரி இருப்பதால் காலமும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்று மனம் முடிவு செய்கிறது. இதைப் பிடிக்க ஆண்டைக் கேட்காதீர்கள், ஆட்சியைக் கேளுங்கள். "1908 ஜனவரியில் காந்தியை ஜோகன்னஸ்பர்க்கில் சிறைக்கு அனுப்பியது எந்த அரசு?" என்று கேட்டு, தேசியக் கட்சி அரசு, தென்னாப்பிரிக்க ஒன்றிய அரசு, டிரான்ஸ்வால் குடியேற்ற நாட்டு அரசு, நேட்டால் குடியேற்ற நாட்டு அரசு என்று நான்கு விடைகளைக் கொடுங்கள். முதலாவதைத் தேர்ந்தவர் நாற்பது ஆண்டுகளைச் சுருக்கிவிட்டார். இரண்டாவதைத் தேர்ந்தவர் இந்த நாடு என்றென்றும் ஒரே நாடாக இருந்ததாக நினைக்கிறார். நான்காவதைத் தேர்ந்தவரிடம் காலக் குழப்பம் இல்லை, இடக் குழப்பம்தான் இருக்கிறது. மூன்று பேருக்கும் ஒரே பாடத்தை மறுபடியும் நடத்துவது நேர விரயம்.

அடுத்த பிழை இதைவிட நுட்பமானது. நேட்டால் இந்தியத் தொழிலாளரின் 1913 வேலைநிறுத்தத்தால், இந்தியாவிலிருந்து ஆட்களை ஒப்பந்தத்தில் கட்டி வேலைக்குக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது என்று பல மாணவர்கள் எழுதுகிறார்கள். கதை என்ற அளவில் பொருத்தமாகவே இருக்கிறது: கொடுமை, போராட்டம், வெற்றி. உண்மை என்னவென்றால், நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசே 1911 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. வேலைநிறுத்தம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்பு, முதன்மையாக, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது சுமத்தப்பட்ட 3 பவுண்டு வரிக்கு எதிராக நடந்தது. மாணவர் இங்கே நினைவிலிருந்து வரிசைப்படுத்தவில்லை, கதையின் நியாயத்திலிருந்து வரிசைப்படுத்துகிறார். விளைவு கடைசியில்தான் வர வேண்டும் என்பதால் 1911 பின்னால் தள்ளப்படுகிறது.

இதைச் சரியாகக் கற்ற மாணவரும் உடனே எதிர்த்திசையில் தடுக்கி விழுவார். 1911இல் முறை நின்றுவிட்டது என்றால், 1913இல் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் யார்? நின்றது புதிய ஆட்களின் வரவு மட்டுமே. ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகள். எனவே 1911இல் கரையிறங்கியவரின் ஒப்பந்தம் 1916 வரை ஓடும். 3 பவுண்டு வரியும் அப்படித்தான். சட்டம் 1895இல் இயற்றப்பட்டது. ஆனால் அதன் பிறகு ஒப்பந்தம் செய்து வந்தவரை அது ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் தொடும். சட்டப் புத்தகத்தில் உள்ள ஆண்டையும் அந்தச் சட்டம் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிய ஆண்டையும் மாணவர்கள் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பாடநூல்களும் இதை விளக்க மெனக்கெடுவதில்லை.

இந்தப் பிழைகளையெல்லாம் ஒரே கேள்வியில் பிரித்துக் காட்ட முடியும். நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த தில்லையாடி வள்ளியம்மையை வைத்து நான் அமைக்கும் கேள்வி இது:

"சிறையில் நோயுற்று விடுதலையான வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் காலமானார். அப்போது கீழ்க்கண்டவற்றுள் எது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது? (அ) 3 பவுண்டு வரி நீக்கப்பட்டது. (ஆ) தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானது. (இ) குழுப் பகுதிகள் சட்டம் இயற்றப்பட்டது. (ஈ) நேட்டாலில் எல்லாத் தொழிலாளரின் ஒப்பந்தக் காலமும் முடிந்தது. உங்கள் விடைக்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக."

சரியான விடை (ஆ). இங்கே கவனிக்க வேண்டியது தவறான விடைகளைத்தான். (அ) தேர்ந்தவர் போராட்டத்தையும் அதன் பலனையும் ஒரே கணமாக்கிவிட்டார். வரியை நீக்கிய இந்தியர் நிவாரணச் சட்டம் 1914இன் நடுப்பகுதியில் வந்தது, அதைப் பார்க்க அந்தப் பெண் உயிருடன் இல்லை. (இ) தேர்ந்தவரிடம் மேலே சொன்ன அபார்தைட் குழப்பம் இருக்கிறது. (ஈ) தேர்ந்தவர் கடைசிக் கப்பலைக் கடைசி ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டவர். ஒருவகையில் இவர்தான் பாடத்தைக் கவனித்துப் படித்தவர், ஆகவே இவரைத் திட்டாதீர்கள். காரணம் எழுதும் ஒரு வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குருட்டாம்போக்கில் (ஆ) என்று குறித்தவரை வேறெப்படியும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வியில் எத்தனை ஆண்டுகளை அச்சிடுகிறோம் என்பதிலும் எச்சரிக்கை தேவை. மேலே உள்ள கேள்வியில் ஓர் ஆண்டு மட்டுமே இருக்கிறது. நான்கு விடைகளுக்கும் பக்கத்தில் ஆண்டைப் போட்டுவிட்டால் அது கணக்குப் பாடமாகிவிடும்.

குடும்பக் கதைகளிலிருந்து வரும் பிழை தனி வகை. "எங்கள் கொள்ளுப்பாட்டி ட்ரூரோ கப்பலில் வந்தார், பின்னர் குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டப்பட்டார்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். ட்ரூரோ சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. டர்பனில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பான சாட்ஸ்வொர்த் எழுந்தது 1960களில். இருபது வயதில் கப்பலேறியிருந்தால் அந்தப் பாட்டிக்குச் சாட்ஸ்வொர்த்தில் நூற்றிருபது வயதைத் தாண்டியிருக்கும். வீட்டில் சொல்லப்படும் கதையில் மூன்று தலைமுறைகள் ஒரே பாட்டியாகக் கரைந்துவிடுகின்றன. அதிலும் எல்லோருடைய குடும்பமும் ட்ரூரோவிலேயே வந்துவிடுகிறது. 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். முதல் கப்பலில் வந்தவர்களோ சில நூறு பேர்தான். இங்கே "தவறு" என்று சிவப்பு மையில் எழுதுவது பிள்ளையின் வீட்டையே பொய் என்று சொல்வதாகிவிடும். அதற்குப் பதிலாக, "ஒவ்வொரு நிகழ்வின்போதும் அவருக்கு என்ன வயது?" என்ற ஒரே கேள்வியைப் பக்கத்தில் எழுதுங்கள். விடையைக் கண்டதும் அந்த மாணவியே வீட்டுக்குப் போய், சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது எந்தப் பாட்டி என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

நூற்றாண்டுப் பிழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 1893ஐப் பதினெட்டாம் நூற்றாண்டு என்று எழுதுபவர்களை, "பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் நேட்டாலுக்கு வந்த வழக்கறிஞர் யார்?" என்ற கேள்வி காட்டிக்கொடுத்துவிடும்.

காலக்கோடு வரையச் சொல்கிறீர்கள் என்றால் அளவுகோலுடன் சொல்லுங்கள். சும்மா வரையச் சொன்னால் ஐந்து நிகழ்வுகளையும் சம இடைவெளியில் வரிசையாக வைத்துவிடுவார்கள். 1911க்கும் 1913க்கும் உள்ள தூரமும் 1913க்கும் 1950க்கும் உள்ள தூரமும் ஒன்றாகிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் காந்தியின் தென்னாப்பிரிக்கக் காலம் பத்தரை சென்டிமீட்டர் நீளும்; அவர் போனதற்கும் தேசியக் கட்சி வென்றதற்கும் இடையில் பதினேழு சென்டிமீட்டர் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையை ஒருமுறை தன் கையால் வரைந்த மாணவர் அபார்தைட் வாக்கியத்தை எழுதத் தயங்குவார். ஒப்பந்தக் காலத்தைப் புள்ளியாக வைக்க விடாதீர்கள். அதைப் பட்டையாக 1916 வரை இழுக்கச் சொல்லுங்கள்.

மதிப்பெண் இடுவதில் நம்மவர்கள் செய்யும் அநியாயம் ஒன்று உண்டு. ஐந்து நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் கேள்வியில், முதலில் வர வேண்டிய ஒன்றை மட்டும் கடைசியில் வைத்த மாணவருக்கு ஐந்து இடங்களும் தவறு, பூஜ்யம் போட்டுவிடுகிறோம். அவர் மீதி நான்கையும் சரியான வரிசையில்தான் வைத்திருக்கிறார். இடத்தைப் பார்க்காமல் இணைகளைப் பாருங்கள். ஐந்து நிகழ்வுகளில் பத்து இணைகள் உண்டு. அவற்றில் ஆறு இணைகள் அவரிடம் சரியாகவே இருக்கின்றன. எந்த நான்கு இணைகள் தவறின என்று பார்த்தால், அவை எல்லாவற்றிலும் ஒரே நிகழ்வு இருப்பதும், கற்பிக்க வேண்டியது அந்த ஒன்றை மட்டும்தான் என்பதும் தெரிந்துவிடும்.

வள்ளியம்மைக் கேள்வியை அடுத்த பருவத்தில் அப்படியே மீண்டும் கொடுக்காதீர்கள். அதற்குள் விடை (ஆ) என்பது வகுப்பு முழுவதற்கும் மனப்பாடமாகிவிட்டிருக்கும். (ஈ) எழுதியவர்களுக்கு மட்டும் ஒரு புதிய ஆளைக் கொடுங்கள்: 1909இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்து, ஐந்து ஆண்டு ஒப்பந்தம் செய்த ஒருவர் 1913 நவம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார். அப்போது அவர் ஒப்பந்தத்தில் இருந்தாரா, இல்லையா? அந்த நாளில் 3 பவுண்டு வரி அவரைத் தொட்டுவிட்டதா, இனிமேல்தான் தொடவிருந்ததா?