3 கிலோவாட் சோலார் போட்டால் தினமும் எத்தனை யூனிட் வரும்?

சோலார் விலைப்பட்டியலில் "3 கிலோவாட்" என்று இருக்கும். மின்கட்டண ரசீதில் "600 யூனிட்" என்று இருக்கும். முதல்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான். ஒன்று வேகம், மற்றொன்று ஓடிய தூரம். பைக் 40-இல் போகிறது என்பதை மட்டும் வைத்து அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் வேண்டும். வாட் என்பது மின்சாரம் செலவாகும் அல்லது உற்பத்தியாகும் வேகம். அதை மணிநேரத்தால் பெருக்கினால் வாட்-மணி. 1000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு கிலோவாட்-மணி. அதற்குத்தான் நாம் 'யூனிட்' என்கிறோம்.

75 வாட் பழைய மின்விசிறி ராத்திரி பத்து மணி நேரம் சுற்றினால் 750 வாட்-மணி, அதாவது முக்கால் யூனிட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைக் கால் மணி நேரம் தொடர்ந்து சூடாக்கினால் 250 வாட்-மணி, கால் யூனிட்தான். பார்வைக்கு இஸ்திரிப் பெட்டிதான் மின்சாரம் குடிப்பது போல இருக்கும். ரசீதை ஏற்றுவது நாள் முழுக்க நிற்காமல் சுற்றும் மூன்று மின்விசிறிகள். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை மட்டும் கூட்டிப் பார்த்து சோலார் அளவை முடிவு செய்யக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஃப்ரிட்ஜில் இந்தக் கணக்கே ஒத்துவராது, அதன் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடும். அதன் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள், அதை 365-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

லேபிள் இல்லாத பழைய சாதனமா? மின்மீட்டரிடமே கேட்கலாம். அதில் சிமிட்டும் சிவப்பு விளக்கின் அருகே 3200 imp/kWh போல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்தச் சாதனத்தை மட்டும் ஓட விட்டு, 32 சிமிட்டலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 32 சிமிட்டல் என்றால் 10 வாட்-மணி. 36 நொடியில் முடிந்தால் அந்தச் சாதனம் எடுப்பது 1000 வாட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், அதில் நூற்றில் ஒரு பங்கு சிமிட்டலை எண்ணினால் போதும்.

இப்போது ரசீதுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அது இரண்டு மாதத்துக்கானது. இதை மறந்து ஒரு மாதக் கணக்காக எடுத்துக்கொண்டு, தேவையைப்போல் இரண்டு மடங்கு சோலார் கேட்பவர்கள் உண்டு. 600 யூனிட்டை 60 நாளால் வகுத்தால் நாளுக்கு 10 யூனிட். நிழல் விழாத மாடியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆக இந்த வீட்டுக்குத் தேவை இரண்டரை கிலோவாட். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களையும் பேனலில் படியும் தூசியையும் நினைத்தால் 3 கிலோவாட் என்பது நியாயமான முடிவு. 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட் வரும்.

பொருத்தி முடித்ததும் வரும் முதல் புகார்: "மே மாத உச்சிவெயிலிலேயே இன்வெர்ட்டரில் இரண்டரைதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்." பெரும்பாலும் ஏமாற்று இல்லை. 540 வாட் என்பது பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. மொட்டைமாடி வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறைந்தால், 40 டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடும். மீதியைத் தூசியும் வயரும் இன்வெர்ட்டரும் எடுத்துக்கொள்ளும். நாள் முடிவில் திரையில் E-Today என்ற இடத்தில் இருக்கும் யூனிட்டைப் பாருங்கள். நல்ல வெயில் நாளில் அது 12-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் குறையில்லை. தெளிவான வானத்திலும் தொடர்ந்து 8, 9 என்றே வந்தால் நிழலையும் தூசியையும் இணைப்புகளையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

வோல்ட்டும் ஆம்பியரும் எங்கே வருகின்றன? பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில். 540 வாட் பேனலில், முழு வாட் தரும்போது உள்ள வோல்ட்டான Vmp சுமார் 41, அப்போது ஓடும் ஆம்பியரான Imp சுமார் 13 இருக்கும். இரண்டையும் பெருக்கினால் அந்த 540-ஐ ஒட்டிய எண் வந்துவிடும். வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம், ஆம்பியர் என்பது வயரில் ஓடும் அளவு. அழுத்தம் கூடினால், அதே வாட்டுக்குக் குறைந்த ஆம்பியர் போதும்.

இதனால்தான் ஆறு பேனலையும் ஒன்றின் பின் ஒன்றாகத் தொடராக இணைக்கிறார்கள். அப்போது வோல்ட் கூடி 246 ஆகும், ஆம்பியர் 13-லேயே நிற்கும். மாடியிலிருந்து இன்வெர்ட்டர் வரை 20 மீட்டர், போக வர 40 மீட்டர், 4 சதுர மி.மீ. செம்பு வயர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்தடை சுமார் 0.2 ஓம். 13 ஆம்பியரை 0.2-ஆல் பெருக்கினால் வழியில் தொலைவது 2.6 வோல்ட். 246-இல் இது ஒரு சதவீதம்தான். இதே 3.24 கிலோவாட்டை 24 வோல்ட்டில் கீழே கொண்டுவர நினைத்தால் 135 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்கு இந்த வயரில் 27 வோல்ட் தொலைய வேண்டும், இருப்பதே 24. வயர் உருகுமே தவிர மின்சாரம் வந்து சேராது. "வயர் கொஞ்சம் மெல்லிசா இருந்தா என்ன" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதே லேபிளில் Voc என்று ஒன்று, சுமார் 49 வோல்ட், இருக்கும். எதுவும் இணைக்காதபோது பேனலில் நிற்கும் அழுத்தம் அது. ஆறு பேனலுக்கு ஏறக்குறைய 295 வோல்ட். இன்வெர்ட்டரை அணைத்தாலும், கரன்ட் போனாலும், வெளிச்சம் இருக்கும் வரை மாடி வயரில் இது இருக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் இணைப்பானைப் பிடித்து இழுத்தால் தீப்பொறி நீண்டு எரியும், கை சுடும். முதலில் டிசி சுவிட்சை அணைக்க வேண்டும்.

கடைசியாக பேட்டரி. மின்வாரிய இணைப்போடு ஓடும் சாதாரண ஆன்-கிரிட் சோலார், கரன்ட் போனால் பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பவர்கட்டுக்கும் வேண்டும் என்றால் பேட்டரியும் அதோடு ஓடக்கூடிய இன்வெர்ட்டரும் வேண்டும். பேட்டரியில் எழுதியிருப்பது ஆம்பியர்-மணி. 150 ஆம்பியர்-மணியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட்-மணி. ஒன்றே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி முழுக்க வற்றவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். 60 சதவீதம் எடுத்தால் 1080. அதில் இன்வெர்ட்டர் தின்றது போக சுமார் 900. இரண்டு பழைய மின்விசிறி, நான்கு எல்இடி விளக்கு, ஒரு டிவி சேர்ந்து 250 வாட் எடுத்தால் மூன்றரை மணி நேரம் தாங்கும்.

விலை கேட்கும்போது அந்த 150-க்குப் பக்கத்தில் C10 என்று இருக்கிறதா, C20 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். C10 என்றால் 10 மணி நேரத்தில் காலி செய்தால் 150 கிடைக்கும். C20 என்றால் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் 150, வேகமாக எடுத்தால் அதற்கும் குறைவு. ஒரே 150, ஒரே போன்ற பெட்டி. ஆனால் C20 பேட்டரி விலை குறைந்திருந்தால் அது மலிவு என்று ஆகிவிடாது, உள்ளே சரக்கும் குறைவு.